எம்10 டேப் கேள்வி: கணக்கு வருகிறது, பட்டறைப் பகுதியில் மார்க் போகிறது

புதுமரை

வணக்கம். ஃபிட்டர் அப்ரண்டிஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். தியரியும் பட்டறைக் கேள்விகளும் ஒரே தாளில் கலந்து வருகின்றன. தியரி மட்டும் என்றால் பரவாயில்லை. ஒரே கேள்வியில் பாதி கணக்காகவும் மீதி "இப்படி நடந்தால் என்ன காரணம்?" என்றும் வந்தால் அங்கேயே நின்றுவிடுகிறேன். மாதிரித் தாளில் இருந்த ஒரு கேள்வியை அப்படியே போடுகிறேன்.

12 மி.மீ. தடிப்புள்ள மைல்டு ஸ்டீல் தகட்டில், மறுபக்கம் வரை போகும் எம்10 மரை போட வேண்டும்.
(அ) எந்த அளவு டிரில்?
(ஆ) வெட்டு வேகம் நிமிடத்துக்கு 25 மீட்டர். மெஷினில் 450, 710, 1120 ஆகிய வேகங்கள் உள்ளன. எதை வைப்பீர்கள்?
(இ) துளை போடும்போது டிரில்லின் ஒரு பள்ளத்திலிருந்து மட்டும் சுருள் வருகிறது. என்ன கோளாறு? துளை என்ன ஆகும்?
(ஈ) கையால் டேப் போடும்போது பாதியில் இறுகி நிற்கிறது. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

(அ)வுக்கு 8.5, (ஆ)வுக்கு 710 என்று எழுதினேன். (இ), (ஈ) இரண்டுக்கும் என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. இந்த மாதிரிக் கேள்விகளுக்கு எப்படித் தயாராவது?

வேகநடை

தம்பி, இதுக்கு ரொம்பப் படிக்க வேண்டாம். டேப் அளவை 0.8 ஆல் பெருக்கினால் டிரில் அளவு வந்துவிடும். எங்கள் பேட்ச் முழுக்க இப்படித்தான் போட்டோம். எம்10 என்றால் 8. பட்டறைக் கேள்விக்குப் பழைய தாள்களைப் பார்த்து விடையை மனப்பாடம் செய்துவிடுங்கள், திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான் வரும்.

பழைய வைஸ்

வேகநடை சொன்ன 8 தான் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் வைக்கப்படும் பொறி. ஆப்ஷனில் 8-உம் இருக்கும், 8.5-உம் இருக்கும்.

புதுமரை, உங்கள் (அ), (ஆ) இரண்டும் சரி. ஆனால் 8.5 என்ற எண் ஏன் 8.5 என்பது தெரிந்திருந்தால் (இ), (ஈ) தாமாகவே வந்திருக்கும். இந்தக் கேள்வியை எழுதியவர் நான்கையும் ஒன்றாக வைத்ததே அதற்காகத்தான்.

எம்10 சாதாரண மரைக்கு பிட்ச் 1.5. பத்திலிருந்து அதைக் கழித்தால் 8.5. இதுவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் மரை போட்ட பிறகு உள்ளே மரையின் முகடுகளுக்கு நடுவே இருக்கும் விட்டம் எவ்வளவு வரை போகலாம் என்று ஒரு வரம்பு இருக்கிறது. வழக்கமான 6எச் பொருத்தத்துக்கு அது 8.376 முதல் 8.676 வரை. 8.5 அந்த இடைவெளிக்குள், கீழ் எல்லைக்குக் கொஞ்சம் பக்கமாக உட்காருகிறது. அது நல்ல இடம். ஏனென்றால் எந்த டிரில்லும் தன் அளவைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் துளை போடும். மேலே போக இடம் வேண்டும்.

இப்போது 8-ஐ வைத்துப் பாருங்கள். கீழ் எல்லைக்கும் கீழே போய்விட்டது. டேப்பின் வேலை இரும்பில் மரைப் பள்ளத்தை வெட்டுவது. 8 மி.மீ. துளையில் டேப்பின் பற்களுக்கு நடுவே உள்ள அடிப்பகுதியும் இரும்பில் போய் உரசும். அந்த இடம் வெட்டுவதற்காகச் செய்யப்பட்டது இல்லை. முதல் சுற்றிலிருந்தே கை வலிக்கும், கொஞ்சம் அழுத்தினால் டேப் உடையும்.

ஆகவே (ஈ)யில் ஒரு காரணம் (அ)விலேயே இருக்கிறது.

வேகநடை

சரி, எம்10-க்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சின்ன அளவுகளுக்கு 0.8 சரியாக வரும். எம்4-க்கு 3.2 வருகிறது, அட்டவணையில் 3.3. 0.1 மி.மீ. வித்தியாசம்தான். ஹாலில் அட்டவணை இல்லாதபோது, ஆப்ஷன்களைக் கழிக்க இது உதவும்.

பழைய வைஸ்

ஆப்ஷனைக் கழிக்க உதவும், அது உண்மை. 7-ஐயும் 9.5-ஐயும் தள்ளிவிடலாம். ஆனால் எம்4-இலும் 3.2 கீழ் எல்லைக்குக் கொஞ்சம் கீழேதான் விழுகிறது. எம்16 வந்தால் 0.8 உங்களை 12.8-க்குக் கொண்டுபோகும், வேண்டியது 14. எம்10 x 1.25 என்று ஃபைன் மரை கேட்டால் விட்டம் அதே பத்துதான், ஆனால் டிரில் 8.8 வேண்டும். பெருக்கல் விதிக்கு அந்த வித்தியாசமே தெரியாது.

அட்டவணை முழுக்க மனதில் வேண்டாம். எம்6-க்கு பிட்ச் 1, எம்8-க்கு 1.25, எம்10-க்கு 1.5, எம்12-க்கு 1.75. கால் கால் மி.மீ.யாக ஏறுகிறது. எம்16-க்கு 2. கேள்வியில் பெரும்பாலும் இவைதான் வரும், கழித்துக்கொள்ளலாம்.

குழாய்க்காரர்

நான் பிளம்பர் பக்கம். அரை இஞ்ச் குழாய்க்கு உள்மரை போட எந்த டிரில் என்று எங்கள் தாளில் வந்தது. அரை இஞ்ச் என்றால் 12.7, அதில் பிட்ச்சைக் கழித்தால் கிட்டத்தட்ட 11 வருகிறது. ஆனால் விடையில் 19 என்று போட்டிருக்கிறார்கள். அச்சுப் பிழையா? நீங்கள் எல்லோரும் எம்10, எம்10 என்று பேசுகிறீர்கள், இதற்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டா?

செவ்வந்தி

குழாய்க்காரர் அண்ணா, 19 சரிதான். குழாய் மரையில் அரை இஞ்ச் என்பது குழாயின் பெயர், மரையின் விட்டம் இல்லை. அந்த மரையின் வெளிவிட்டமே 20.955 மி.மீ. பிட்ச் 1.814. கழித்தால் 19.14, அதற்கு 19 டிரில். பிட்ச்சைக் கழிக்கும் முறை அங்கேயும் வேலை செய்கிறது, ஆரம்பிக்கும் எண்தான் வேறு.

இந்த இழை ஃபிட்டர் கேள்வி பற்றியது, நீங்கள் தனியாக ஒரு இழை ஆரம்பித்தால் குழாய் வேலைக்காரர்கள் வந்து இன்னும் நன்றாகச் சொல்வார்கள்.

புதுமரை

பழைய வைஸ் சார், (அ) இப்போது புரிகிறது. (இ)யை இதோடு எப்படிச் சேர்ப்பது?

பழைய வைஸ்

டிரில்லின் நுனியில் இரண்டு வெட்டும் விளிம்புகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே கோணத்திலும் ஒரே நீளத்திலும் இருந்தால் இரண்டு பள்ளங்களிலும் ஒரே மாதிரிச் சுருள் ஏறும். மைல்டு ஸ்டீலில் நல்ல டிரில் போட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஜோடியாக வரும்.

கோணம் ஒரு பக்கம் மாறிவிட்டால் ஒரு விளிம்பு மட்டும்தான் இரும்பைத் தொடும். எல்லா வேலையும் அது ஒன்றே செய்யும். ஒரு பள்ளத்தில் தடித்த சுருள் வரும், மறுபக்கம் ஒன்றுமே வராது, அல்லது மெல்லிய தூள் வரும். கோணம் சரியாக இருந்து நீளம் மட்டும் மாறினால் நுனி நடுவில் இருக்காது. அப்போது டிரில் மையத்தை விட்டு விலகிச் சுற்றி, துளையைப் பெரிதாக்கும். கையால் சாணை பிடித்த டிரில்லில் இரண்டு கோளாறும் பெரும்பாலும் சேர்ந்தேதான் வரும்.

இனி (அ)வுக்கு வாருங்கள். நமக்கு மேலே இருந்த இடம் 8.676 வரை. சாணை சரியில்லாத 8.5 டிரில் 8.8 துளை போட்டால் என்ன ஆகும்? டேப் வெண்ணெயாக இறங்கும், கைக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் மரையின் முகடு மொட்டையாகிவிடும். போல்ட் உள்ளே போகும், கொஞ்சம் ஆடும், இறுக்கினால் மரை பிய்ந்துகொண்டு வரலாம். "டேப் மிகச் சுலபமாக இறங்கினால் நல்லதா?" என்று கேட்டால் நல்லது என்று எழுதிவிடாதீர்கள்.

(இ)க்கு எழுத வேண்டியது: வெட்டு விளிம்புகளின் கோணம் சமமாக இல்லை. துளை அளவைத் தாண்டும். டிரில்லைக் கழற்றி கேஜில் வைத்து இரண்டு பக்கமும் 118 டிகிரியும் சம நீளமும் வரும்படி மறுபடி சாணை பிடிக்க வேண்டும்.

நாலாம் மேசை

என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். பயிற்சித் தேர்வில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவருக்கு டேப் துளைக்குள் உடைந்தது. அவர் அதை டிரில் போட்டு எடுக்கப் பார்த்தார், டிரில் நுனி மழுங்கியதுதான் மிச்சம். இது கேள்வியாக வந்தால் என்ன எழுதுவது?

செவ்வந்தி

ஹை ஸ்பீட் ஸ்டீல் டேப் டிரில் அளவுக்கே கடினம், சாதாரண டிரில் அதைத் தொடாது. துண்டு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் பிளையரால் பிடித்துப் பின்பக்கம் திருப்பலாம். உள்ளே போயிருந்தால் டேப் எக்ஸ்ட்ராக்டர், அதன் விரல்கள் டேப்பின் பள்ளங்களுக்குள் இறங்கும். எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் அசைத்து, மெதுவாக எடுக்க வேண்டும். செயல்முறைத் தேர்வில் உடைந்தால் முதல் வேலை கண்காணிப்பாளரிடம் சொல்வது.

ஆனால் இந்தக் கேள்வியைவிட, உடைவதற்கு முன் கை என்ன சொல்கிறது என்பதைத்தான் (ஈ) கேட்கிறது. நான் பட்டறையில் கற்பிக்கிறவள். மாணவர்கள் பெரும்பாலும் "எண்ணெய் போடவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டு முடிப்பார்கள். அதற்குக் கொஞ்சம்தான் மார்க் கிடைக்கும். கேள்வி "எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்" என்பது.

எப்போது இறுகியது என்று பாருங்கள். ஆரம்பத்திலிருந்தே ஒரே சீராக இறுக்கமாக இருந்தால் துளை சின்னது. டேப்பை வெளியே எடுத்து, டிரில் எண்ணைப் பார்க்க வேண்டும். கவனம், இந்தச் சின்னத் துளையை வெர்னியரின் உள்தாடையால் அளந்தால் நிஜ அளவைவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டும், தாடையின் முனை தட்டையாக இருப்பதால் வளைவில் முழுதாக உட்காராது. வெர்னியரில் 8.5 என்று வந்தால் துளை அதைவிடப் பெரிதாகவே இருக்கும்.

ஆரம்பம் சுலபமாக இருந்து, ஆழம் போகப் போக இறுகி, பின்பக்கம் திருப்பினாலும் கொரகொர என்று பிடித்தால் சுருள் பள்ளத்தில் அடைத்துக்கொண்டது. முன்னால் அரைச் சுற்று, பிறகு பின்னால் கால் சுற்று என்று திருப்பிச் சுருளை உடைக்காமல் ஒரே இழுப்பாகப் போனதன் விளைவு இது. டேப்பை முழுக்க வெளியே எடுத்து, துடைத்து, எண்ணெய் விட்டு மறுபடி போட வேண்டும்.

மூன்றாவது, டேப் சாய்ந்திருப்பது. மேலே இருந்து பார்த்தால் மரை ஒரு பக்கம் ஆழமாகவும் எதிர்ப்பக்கம் மேலோட்டமாகவும் வெட்டியிருக்கும். கொஞ்சம் இறங்கியதுமே, இன்னும் தன் பிடிப்பில் உட்காரும் முன், ட்ரை ஸ்கொயரை டேப்பின் பக்கத்தில் வைத்து ஒரு தடவை, அதற்குச் செங்குத்தாக இன்னொரு பக்கம் ஒரு தடவை பார்க்க வேண்டும். ஒரே பக்கம் பார்த்தால் மற்றப் பக்கச் சாய்வு தெரியாது. நன்றாக உள்ளே போன பிறகு கைப்பிடியை ஒரு பக்கம் அழுத்தி நிமிர்த்த முயன்றால் டேப் உடையும், அதற்குப் பதிலாக எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பதே நல்லது.

பழைய வைஸ்

செவ்வந்தி சொன்னதோடு இந்தத் தகட்டுக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. இதை நான் பல மாதிரித் தாள்களில் வெவ்வேறு விதமாகப் பார்த்திருக்கிறேன்.

கை டேப் மூன்று துண்டாக வரும். முதலாவதற்கு நுனியில் எட்டு மரை அளவுக்குச் சரிவு இருக்கும், அந்தச் சரிவுப் பகுதி முழு ஆழத்துக்கு வெட்டாது. எட்டை 1.5 ஆல் பெருக்கினால் 12 மி.மீ. நம் தகடும் 12 மி.மீ. அதாவது டேப்பின் நுனி அடிப்பக்கத்தில் எட்டிப் பார்க்கும்போது, மரை முழு ஆழத்துக்கு வெட்டப்பட்டது மேல் முகப்பில் மட்டும்தான். கடைசி மரை முழுதாக வர டேப் இன்னும் 12 மி.மீ. கீழே இறங்க வேண்டும். தகட்டை வைஸில் அடியில் இடமில்லாமல் பிடித்தால் டேப்பின் நுனி கீழே போய் இடிக்கும். நம் கை அதை "இறுகிவிட்டது" என்று நினைத்து இன்னும் அழுத்தும். (ஈ)க்கு இதுவும் ஒரு காரணம், நிறையப் பேர் எழுத மறக்கிற காரணம்.

டிரில் போடும்போதும் அப்படித்தான், அடியில் இணைக்கட்டை வைத்து, டிரில் வெளியேற இடம் விட வேண்டும். நுனி மட்டுமே 118 டிகிரியில் சுமார் இரண்டரை மி.மீ. நீளம். அது மறுபக்கம் வெளியே வரும் அந்தக் கணத்தில் டிரில் இரும்பைப் பிடித்துக்கொண்டு இழுக்கும், அங்கே கையழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

புதுமரை

சார், (ஆ)வில் எனக்கு ஒரு சந்தேகம். கணக்கு இப்படி:

```
N = 1000V / (πd)
  = 1000 × 25 / (3.14 × 8.5)
  ≈ 937
```

மெஷினில் 937 இல்லை, அதனால் கீழே உள்ள 710 எடுத்தேன். ஆனால் என் நண்பன் வேறு புத்தகத்தில் மைல்டு ஸ்டீலுக்கு வெட்டு வேகம் 30 என்று படித்தான். 30 போட்டால் 1124 வருகிறது, அப்போது 1120 சரியாகிவிடுகிறது. கேள்வியில் வேகம் கொடுக்காமல் விட்டால் எதை எடுப்பது?

கணக்கு மேசை

30 தான் எடுக்க வேண்டும். ஹை ஸ்பீட் ஸ்டீல் டிரில், மைல்டு ஸ்டீல், கூலன்ட் உண்டு என்றால் 30 தாராளமாகத் தாங்கும். 25 என்பது பாதுகாப்புக்காகக் குறைத்துச் சொல்வது.

செவ்வந்தி

நான் 25 எடுக்கச் சொல்வேன். மாணவர் கையில் இருப்பது புது டிரில்லாக இருக்காது, கையால் ஊட்டுவது. வேகம் கூடி நுனி நீலமாகிவிட்டால் அந்த டிரில் போயிற்று. கூலன்ட் சரியாக விழவில்லை என்பதையும் அந்த நீல நிறம்தான் முதலில் சொல்லும்.

கணக்கு மேசை

தேர்வுத்தாளில் டிரில் நீலமாகாதே. அங்கே கணக்குதான்.

பழைய வைஸ்

இருவரும் சொல்வதற்கு இடம் இருக்கிறது. புத்தகங்கள் ஒரு எல்லையாகத்தான் கொடுக்கின்றன, அந்த எல்லைக்குள் 25-உம் வரும் 30-உம் வரும். கேள்வியில் எண் இருந்தால் அது மட்டும்தான். இல்லாவிட்டால் உங்கள் பாடத்திட்டப் புத்தகத்தில் உள்ளதை எழுதி, எந்த வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டீர்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஆப்ஷன் கேள்வி என்றால் இரண்டுக்கும் போட்டுப் பார்த்து எது பட்டியலில் இருக்கிறது என்று பாருங்கள்.

புதுமரை

நன்றி. இன்னொன்று, எனக்குப் பட்டறை கிடைப்பது அபூர்வம். (இ), (ஈ) மாதிரியான கேள்விகளுக்கு வீட்டிலிருந்தே தயாராக வழி உண்டா?

செவ்வந்தி

உண்டு. நீங்கள் தியரியாகப் படிக்கிற ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் இரண்டு வரி எழுதுங்கள். இது குறைந்தால் கண்ணுக்கு, கைக்கு என்ன தெரியும்? கூடினால் என்ன தெரியும்? உதாரணமாக 118 டிகிரி. மிகவும் கூர்மையானால் நுனி மெலிந்து சீக்கிரம் தேயும், மிகவும் மழுங்கலானால் ஆரம்பத்தில் டிரில் நகர்ந்து போகும். பஞ்ச் 90 டிகிரி என்று படித்தால், அந்தக் குழி அகலமாக இருப்பதால்தான் டிரில் நுனி அதில் உட்காருகிறது, 60 டிகிரி பிரிக் பஞ்ச் கோடு குறிக்க மட்டும் என்று எழுதுங்கள். பட்டறைக் கேள்விகள் பெரும்பாலும் இந்த இரண்டு வரிகளிலிருந்துதான் வருகின்றன.

கையில் ஏதாவது வேண்டும் என்றால் பழைய டிரில் இரண்டு மூன்றை வாங்கி, வெளிச்சத்தில் நுனியை நேராகப் பார்த்து எந்த விளிம்பு நீளம் என்று சொல்லிப் பழகுங்கள். எம்6 டேப் ஒரு செட், 5 மி.மீ. டிரில், ஒரு தடித்த இரும்புத் தகடு, ஒரு சின்ன வைஸ் இருந்தால் போதும். சின்ன டேப் சீக்கிரம் உடையும், அதனால் கை அழுத்தம் எவ்வளவு என்று அதுவே கற்றுக்கொடுக்கும்.

வேகநடை

எண்ணெய் பற்றியும் சொல்லிவிடுங்கள். வார்ப்பிரும்புக்கும் எண்ணெய் போட வேண்டுமா?

செவ்வந்தி

வார்ப்பிரும்பை உலர்வாகவே போடலாம், அதன் தூள் எண்ணெயோடு சேர்ந்து பசையாகிவிடும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய். மைல்டு ஸ்டீலுக்கு கட்டிங் ஆயில்.

புதுமரை

ஒரு கேள்வி நானே போட்டுப் பார்த்தேன், சரிபார்த்துச் சொல்லுங்கள். 25 மி.மீ. தடிப்புள்ள கட்டையில் மறுபக்கம் போகாத எம்10 மரை, முழு மரை 15 மி.மீ. ஆழம் வேண்டும். கடைசி டேப்புக்குச் சரிவு இரண்டு மரை என்று எடுத்தால் 3 மி.மீ. சுருள் விழ இன்னும் 2 மி.மீ. விட்டால் நேரான துளை 20 மி.மீ. ஆழம். டிரில் நுனி இரண்டரை மி.மீ. தனியாகப் போகும், ஆக 22.5. அடியில் 2.5 மி.மீ. மிச்சம் இருக்கிறது. அளவை டிரில்லின் நுனியிலிருந்து எடுத்தால் எனக்கு மரை குறைந்துவிடும், சரிதானே?

பழைய வைஸ்

சரி. நுனியிலிருந்து 20 எடுத்திருந்தால் நேரான துளை பதினேழரைதான் இருக்கும், கடைசி டேப் அடியில் மோதும். மூன்று டேப்பையும் வரிசையாகப் போட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் கட்டையைக் கவிழ்த்துத் தூளைக் கொட்ட வேண்டும். சுருளுக்கு 2 மி.மீ. என்பது எனக்குக் குறைவாகத் தெரிகிறது.

கணக்கு மேசை

2 போதும். 3 விட்டால் அடியில் ஒன்றரைதான் மிஞ்சும், வெளிப்பக்கம் புடைத்துவிடும்.

பழைய வைஸ்

மைல்டு ஸ்டீலில் ஒன்றரை புடைக்காது, ஊட்டத்தை மெதுவாகக் கொடுத்தால். வார்ப்பிரும்பு என்றால் நீங்கள் சொல்வதற்கு வருகிறேன்.